வாயே திறக்காத வாடிக்கையாளருக்கு வசூல் மெயிலை எப்படி மாற்றி எழுதுவது?

கேள்வி: எங்களுடையது நடுத்தர அளவிலான நிறுவனம். வசூல் பார்க்கும் குழுவில் நான்கு பேர் இருக்கிறோம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் மூன்று இன்வாய்ஸுக்குப் பணம் தரவில்லை, மொத்தம் 5,20,000. ஏப்ரல் கடைசியிலிருந்து எந்த மெயிலுக்கும் பதில் இல்லை. நாங்கள் அனுப்புவது இதுதான்: "அன்புடையீர், மூன்றாவது முறையாக நினைவூட்டுகிறோம். தங்கள் கணக்கில் 5,20,000 நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ளது. பலமுறை தெரிவித்தும் பதில் இல்லை. உடனடியாகச் செலுத்தவும். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்க நேரிடும். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இம்மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்." இதை எப்படி மாற்றி எழுதலாம்?

உங்கள் மெயிலின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "ஏற்கெனவே செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்" என்று மரியாதைக்காகத்தான் எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் பதில் வரவில்லை என்று தவிக்கும் நேரத்தில், பதில் போடாமல் இருக்க நாமே கொடுக்கும் அனுமதி அது. பணத்தை அனுப்பிவிட்டு, அது உங்கள் பக்கம் வேறு பெயரில் வரவாகிக் கிடந்தாலும் அவர் பேசாமல் இருப்பார். அனுப்பாதவரும் பேசாமல் இருப்பார். இரண்டு மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நான் வசூல் மேசையில் பல வருடங்கள் இருந்தவன். அதன் பிறகு சில வருடங்கள் எதிர்ப்பக்கம், அதாவது சப்ளையர்களுக்குப் பணம் போடும் மேசையிலும் இருந்தேன். உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது அந்த இரண்டாவது அனுபவம்தான். பணம் போடும் மேசையில் இருப்பவருக்குத் தினமும் சப்ளையர் மெயில்கள் குவியும். அவர் பெரும்பாலும் தீர்மானம் எடுப்பவர் அல்ல. ஒவ்வொரு மெயிலையும் திறந்ததும் ஒன்றைத்தான் யோசிப்பார்: இதை இப்போதே முடிக்க முடியுமா, வேறு யாரையாவது கேட்க வேண்டுமா? கேட்க வேண்டியது என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார். உங்கள் மெயிலில் இன்வாய்ஸ் எண் இல்லை. 5,20,000 எதன் கூட்டுத்தொகை என்று அவரே தேட வேண்டும். தேடியபின் தன் கணக்கில் வேறு தொகை வந்தால், எது சரி என்று இன்னொருவரைக் கேட்க வேண்டும். அதற்கும் மேல், பதில் எழுதினால் "ஏன் இத்தனை நாள் பேசவில்லை" என்ற கேள்விக்கும் அவர்தான் முகம் கொடுக்க வேண்டியிருக்கும். இத்தனையும் சேர்ந்தால் மெயிலை மூடிவிடுவதே அவருக்கு எளிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவசரம், விவரமில்லாத ஒரு தொகை, மிரட்டல் ஆகிய மூன்றும் போலி இன்வாய்ஸ் அனுப்பி ஏமாற்றுபவர்களின் மெயிலிலும் இருக்கும். அப்படிப்பட்ட மெயில் வந்தால் தொடவே வேண்டாம் என்று கணக்குப் பிரிவுகளில் இப்போது சொல்லித் தருகிறார்கள். உங்களைத் தெரிந்த பழைய ஊழியர் வேலையை விட்டுப் போய், புதியவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், அவர் கண்ணுக்கு உங்கள் மெயிலும் அப்படித் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆக, ஐந்து வார மௌனத்துக்குப் பிறகு அனுப்பும் முதல் மெயிலில் பணத்தைவிடப் பதிலைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பதில் வந்துவிட்டால், ஏன் பேசாமல் இருந்தார் என்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இன்வாய்ஸ் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை, அல்லது ஏறி எங்கோ ஒப்புதலுக்காக நிற்கிறது. அல்லது சரக்கிலோ விலையிலோ குறை இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அல்லது கையில் பணம் இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்கு இன்வாய்ஸைத் திருத்தி அனுப்பினால் போதும், இரண்டாவதுக்கு உங்கள் விற்பனைப் பிரிவு உள்ளே வர வேண்டும், மூன்றாவதுக்குத் தவணை பேச வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து "உடனடியாகச் செலுத்தவும்" என்று எழுதினால் எதுவும் அசையாது.

எழுத உட்காரும் முன் ஒரு அரைமணி நேரம் உங்கள் பக்கக் கணக்கைப் பாருங்கள். வசூல் குழுக்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இதுதான், பதில் வராததற்குக் காரணம் அடிக்கடி கிடைப்பதும் இங்கேதான். உங்கள் லெட்ஜர் எனக்குத் தெரியாது என்பதால் எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இன்வாய்ஸ் 2207, கெடு மார்ச் 14, தொகை 1,85,000. இன்வாய்ஸ் 2231, கெடு ஏப்ரல் 2, தொகை 2,40,000. இன்வாய்ஸ் 2260, கெடு ஏப்ரல் 30, தொகை 95,000. கூட்டினால் நீங்கள் கேட்கும் 5,20,000 வருகிறது. இனி நான்கு விஷயங்களைப் பாருங்கள். அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் சரியாக இருக்கிறதா? பல நிறுவனங்களில் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் நகரும், எண் தவறினால் இன்வாய்ஸ் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, சரக்கு பெற்றதற்கான கையெழுத்து உங்களிடம் இருக்கிறதா? மூன்றாவது, எந்த இன்வாய்ஸ் என்று தெரியாமல் வரவு வைத்த பணம் ஏதாவது அவர்கள் பெயரிலோ, அவர்களின் இன்னொரு நிறுவனத்தின் பெயரிலோ கிடக்கிறதா? கடைசியாக, கொடுத்துவிட்டுக் கழிக்காமல் விட்ட கிரெடிட் நோட் இருக்கிறதா?

இந்த உதாரணத்தில் நான்காவது இடத்தில் ஒன்று சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2231-இல் கொஞ்சம் சரக்கு சேதமானதற்காக 18,000-க்குக் கிரெடிட் நோட் 118 கொடுத்திருக்கிறீர்கள். அது வாடிக்கையாளரிடம் போய்விட்டது, உங்கள் நிலுவைப் பட்டியலில் மட்டும் கழியவில்லை. அவர்கள் கணக்குப்படி பாக்கி 5,02,000. நீங்கள் மூன்று முறையும் 5,20,000 கேட்டிருக்கிறீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் "இவர்கள் கணக்கே சரியில்லை, முதலில் சரிசெய்துகொண்டு வரட்டும்" என்று நினைத்து ஓரமாக வைத்திருக்கலாம். அப்படி நினைப்பவர் அதை எழுதி அனுப்ப மாட்டார் என்பதுதான் சிக்கல்.

கணக்கு நேரானதும் மெயில் இப்படிப் போகலாம். ஜூன் 3, செவ்வாய்க்கிழமை அனுப்புவதாக எடுத்துக்கொள்கிறேன்.

> பொருள்: இன்வாய்ஸ் 2207, 2231, 2260 – நிலுவை 5,02,000 – ஜூன் 10-க்குள் ஒரு வரி பதில் தேவை
>
> வணக்கம்,
>
> எங்கள் கணக்குப்படி உங்களிடமிருந்து வரவேண்டியவை:
>
> 2207 – கெடு மார்ச் 14 – 1,85,000
> 2231 – கெடு ஏப்ரல் 2 – 2,22,000 (கிரெடிட் நோட் 118-இன் 18,000 கழித்தது)
> 2260 – கெடு ஏப்ரல் 30 – 95,000
> மொத்தம் – 5,02,000
>
> முந்தைய மெயில்களில் 5,20,000 என்று கேட்டிருந்தோம். கிரெடிட் நோட்டைக் கழிக்காமல் விட்டது எங்கள் பக்கத் தவறு. மேலே உள்ளதே சரியான தொகை.
>
> ஜூன் 10, செவ்வாய்க்கிழமைக்குள் கீழே உள்ளவற்றில் எது பொருந்தும் என்று பதில் அனுப்புங்கள். எழுத்தை மட்டும் குறிப்பிட்டாலும் போதும்.
>
> அ – பணம் அனுப்பியாகிவிட்டது (தேதி, பரிவர்த்தனை எண்)
> ஆ – பணம் அனுப்பும் தேதி முடிவாகிவிட்டது (தேதி)
> இ – இன்வாய்ஸில் கேள்வி இருக்கிறது (எந்த எண், என்ன கேள்வி)
> ஈ – இதைப் பார்ப்பது நான் அல்ல (யாரைக் கேட்க வேண்டும்)
>
> மூன்று இன்வாய்ஸ்களும், கிரெடிட் நோட்டும், சரக்கு பெற்ற ரசீதுகளும் இணைப்பில் உள்ளன. எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. நீங்கள் கடைசியாகப் பணம் அனுப்பிய அதே கணக்குதான்.
>
> பதில் கிடைக்காவிட்டால் ஜூன் 11 காலை உங்கள் அலுவலக எண்ணில் அழைக்கிறேன்.
>
> (பெயர், பொறுப்பு, நேரடித் தொலைபேசி எண்)

இதில் "மூன்றாவது நினைவூட்டல்" இல்லை, "பலமுறை தெரிவித்தும்" இல்லை. அவை உண்மைதான். ஆனால் படிப்பவரைக் கூண்டில் ஏற்றுவதைத் தவிர அவற்றால் ஒரு வேலையும் நடக்காது. முன்பு எத்தனை முறை எழுதினீர்கள் என்பது உங்கள் கோப்பில் தேதியோடு இருந்தால் போதும், பின்னால் வழக்கறிஞருக்கு அது தேவைப்படும். அதேபோல "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்றும் எழுதவில்லை. உங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்பது தொந்தரவு இல்லை. கிரெடிட் நோட்டுக்காகத் தவறை ஒப்புக்கொண்டது வேறு விஷயம். அது உண்மையான தவறு, அதைச் சொல்லாமல் தொகையை மட்டும் மாற்றினால் சந்தேகம்தான் கூடும். அதைச் சொல்வதில் ஒரு லாபமும் உண்டு. இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது.

அ, ஆ, இ, ஈ என்று கொடுத்திருப்பதுதான் இந்த மெயிலின் முதுகெலும்பு. பதில் எழுதுவதற்கான யோசனையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம். கைபேசியிலிருந்து ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போகலாம். "2207-க்கு ஆ, 2231-க்கு இ" என்று பிரித்துப் பதில் வந்தால் இன்னும் நல்லது. ஒரு இன்வாய்ஸில் இருக்கும் கேள்விக்காக மற்ற இரண்டின் பணமும் சேர்ந்து நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும், இப்படிக் கேட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். நான்காவது வாய்ப்பைச் சிலர் தேவையில்லை என்பார்கள். நான் அதை எடுக்கவே மாட்டேன். "நான் பார்ப்பதில்லை" என்று சொல்ல வழியில்லாதவர்தான் மெயிலை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருப்பவர்.

"உடனடியாக" என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத கெடுவை யாராலும் தவறவிட முடியாது. கிழமையோடு தேதி எழுதுங்கள். எந்தத் தேதி என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடுத்தர, பெரிய நிறுவனங்கள் தினமும் பணம் அனுப்புவதில்லை. வாரம் ஒரு நாள், அல்லது மாதம் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு மொத்தமாகப் பணம் போடுவார்கள், அதற்குச் சில நாட்கள் முன்பே பட்டியல் முடிந்துவிடும். இந்த வாடிக்கையாளர் உங்களுக்கு முன்பு அனுப்பிய பணங்களின் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 15-ஆம் தேதி, மாதக் கடைசி என்று ஒரு ஒழுங்கு தென்படலாம். அப்படியிருந்தால் உங்கள் கெடு 15-க்கு நாலைந்து நாள் முன்பு விழ வேண்டும். 16-ஆம் தேதி கெடு வைத்தால் நீங்களே இரண்டு வாரத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வங்கிக் கணக்கு மாறவில்லை என்ற வரி முன்பு சொன்ன ஏமாற்று பயத்துக்காக. கணக்கு எண்ணை மெயிலில் திரும்ப எழுதாமல், பழைய கணக்கையே சுட்டிக்காட்டுவது பாதுகாப்பானது. இணைப்புகளைச் சாதாரண பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஜிப் கோப்பையும், "இங்கே சொடுக்கி இன்வாய்ஸைப் பார்க்கவும்" என்ற சுட்டியையும் பல நிறுவனங்களின் மெயில் வடிகட்டிகள் நிறுத்திவிடும், அது உங்களுக்குத் தெரியக்கூட வராது. உங்கள் மென்பொருள் தானாக அனுப்பும், பதில் போட முடியாத முகவரியிலிருந்து இந்த மெயில் போகக் கூடாது. ஒரு மனிதரின் பெயரும், அவரே எடுக்கும் எண்ணும் கீழே இருக்க வேண்டும்.

பழைய மெயில் தொடரிலேயே பதிலாக அனுப்புவதா, புதிதாக ஆரம்பிப்பதா? அதே நபருக்கு என்றால் தொடரிலேயே அனுப்பலாம், வரலாறு கூடவே போகும். ஆனால் இந்த இடத்தில் நான் புதிய பொருள் வரியோடு புதிதாகவே ஆரம்பிப்பேன். பழைய தொடரில் தவறான தொகை மூன்று முறை இருக்கிறது, அந்தத் தலைப்பை அவர் ஏற்கெனவே கண்டுகொள்ளாமல் விடப் பழகியும்விட்டார்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. முதலாவது, "இன்வாய்ஸில் கேள்வி இருக்கிறது" என்ற வாய்ப்பைக் கொடுக்கலாமா என்பது. இல்லாத புகாரை நாமே எடுத்துக் கொடுப்பதாக ஆகும் என்று அனுபவமுள்ள சிலர் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இழுத்தடிக்க நினைப்பவருக்கு அது வசதிதான். என் தீர்ப்பு வேறு. புகார் என்றால் எந்த இன்வாய்ஸ், என்ன புகார் என்று எழுத்தில் கேட்கிறோம். பொய்ப் புகாரை எழுத்தில் தருவது பலருக்குத் தயக்கமான வேலை. உண்மையான புகார் என்றால் அது ஜூனில் தெரிவது வழக்கு போட்ட பிறகு தெரிவதைவிட மேல். ஆனால் இதே வாடிக்கையாளர் முன்பு புகார் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டவர் என்றால், அந்த வரியை எடுத்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டாவது, "எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கெடுவுக்குள் கட்டிவிடுகிறார்கள்" என்பது போன்ற வரி. பிரிட்டன் வரித்துறை 2011-இல் நடத்திய சோதனைகளில், பெரும்பாலோர் நேரத்துக்கு வரி கட்டுகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தபோது பாக்கி வைத்திருந்தவர்கள் கட்டுவது கூடியது. அதை வைத்துப் பலர் இன்வாய்ஸ் மெயிலிலும் இப்படி எழுதச் சொல்கிறார்கள். அந்தக் கடிதங்கள் தனிமனிதர்களுக்கு, அரசிடமிருந்து போனவை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு, தன் பணம் அல்லாத பணத்தில், அந்த வெட்கம் எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. நான் சேர்க்க மாட்டேன். உண்மையாக இல்லாவிட்டால் எழுதவே கூடாது.

மூன்றாவது, மெயிலைத் திறந்தார்களா என்று காட்டும் கருவி. அதை நம்பி எதுவும் எழுதாதீர்கள். அந்தக் கருவிகள் மெயிலுக்குள் ஒரு கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து, அது இறங்கியதா என்று பார்ப்பவை. ஆப்பிளின் மெயில் செயலியில் 2021-இல் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படிப்பவர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். சில நிறுவனங்களின் பாதுகாப்பு வடிகட்டிகளும் அப்படியே. எதிர்ப்பக்கம் படங்களை முடக்கி வைத்திருந்தால், படித்தவரும் படிக்காதவராகத் தெரிவார். "நீங்கள் ஐந்து முறை திறந்திருக்கிறீர்கள்" என்று எழுதிய ஒரு வசூல் மெயிலை நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். திறந்தவர் யாருமில்லை, எல்லோருக்கும் கோபம் மட்டும்தான் வந்தது.

சரி, ஜூன் 10 போனது, பதில் இல்லை. 11-ஆம் தேதி சொன்னபடி அழையுங்கள். அழைக்கிறேன் என்று எழுதிவிட்டு அழைக்காமல் விட்டால் அடுத்த மெயிலில் எழுதும் எதற்கும் மதிப்பு இருக்காது. போனிலும் ஆள் கிடைக்கவில்லை என்றால் 12-ஆம் தேதி அடுத்த மெயில், இந்த முறை ஒரு படி மேலே இருப்பவருக்கு. நிதி மேலாளரோ, சிறிய நிறுவனம் என்றால் உரிமையாளரோ. கீழே இருப்பவரின் மெயிலிலேயே மேலதிகாரிக்கு நகல் போட்டு அனுப்புவதைவிட, மேலதிகாரிக்கு நேராக, குற்றம் சாட்டாமல் எழுதுவது நல்லது. நகலில் மாட்டிவிட்டவரிடம்தான் நாளைக்கு நீங்கள் மறுபடி இன்வாய்ஸ் கொண்டு போக வேண்டும்.

> பொருள்: நிலுவை 5,02,000 – ஜூன் 20 முதல் கடனில் சப்ளை நிறுத்தம்
>
> வணக்கம்,
>
> இணைப்பில் உள்ள மூன்று இன்வாய்ஸ்கள் கெடு தாண்டியுள்ளன, மிகப் பழையது மார்ச் 14-க்கு உரியது. ஜூன் 3 அன்று உங்கள் கணக்குப் பிரிவுக்கு எழுதினோம், 11 அன்று அழைத்தோம். தொடர்பு கிடைக்காததால் உங்களுக்கு எழுதுகிறேன்.
>
> ஜூன் 19, வியாழன் மாலைக்குள் பணமோ, பணம் வரும் தேதியோ எழுத்தில் கிடைக்காவிட்டால், 20-ஆம் தேதி முதல் வரும் புதிய ஆர்டர்களை முன்பணம் பெற்றே அனுப்ப முடியும்.
>
> மொத்தமாகத் தருவது இப்போது கடினம் என்றால் அதைச் சொல்லுங்கள், தவணை பற்றிப் பேச எனக்கு அதிகாரம் உண்டு.

"தக்க நடவடிக்கை" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இங்கே என்ன நடக்கும், எந்தத் தேதியில் நடக்கும் என்பது தெரிகிறது, அதைச் செய்ய வேறு யாருடைய உதவியும் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அனுப்பும் முன் இரண்டு வேலை இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உறுதி செய்த ஆர்டரை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியது நீங்களாகிவிடலாம், அதனால்தான் "புதிய ஆர்டர்கள்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது, விற்பனைப் பிரிவின் தலைவர் இதற்குச் சம்மதித்திருக்க வேண்டும், ஆர்டர் மென்பொருளில் அந்த வாடிக்கையாளரின் கடன் வசதியை 20-ஆம் தேதி உண்மையிலேயே பூட்ட வேண்டும். 21-ஆம் தேதி விற்பனை ஆள் ஒருவர் "நம்ம ஆள்தானே" என்று லாரியை அனுப்பிவிட்டால் உங்கள் குழு இனி எழுதும் எந்தத் தேதியையும் அவர்கள் மதிக்க மாட்டார்கள். நடுத்தர நிறுவனங்களில் வசூல் மெயில் தோற்பது வாசகத்தால் அல்ல, பல நேரம் இந்த இடத்தில்தான்.

தவணை பற்றிய வரி மூன்றாவது காரணத்துக்காக, பணமே இல்லாதவருக்காக. தள்ளுபடி தருவதாக மட்டும் இப்போதே எழுதிவிடாதீர்கள். மௌனமாக இருந்தால் விலை குறையும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். தவணை கேட்டு வந்தால் முதல் தவணை அதே வாரத்தில் வரும்படி பேசுங்கள், தொகை சிறியதானாலும் பரவாயில்லை. முதல் தவணை வருகிறதா என்பதில்தான் வார்த்தையின் கனம் தெரியும்.

வட்டி, வழக்கு பற்றி எழுதுவதில் என் எல்லை இருக்கிறது, நான் வழக்கறிஞர் அல்ல. தாமத வட்டி உங்கள் ஒப்பந்தத்திலோ உங்கள் நாட்டுச் சட்டத்திலோ இருந்தால் மட்டும், விகிதத்தோடும் இதுவரை சேர்ந்த தொகையோடும் எழுதுங்கள். இல்லாத உரிமையை எழுதாதீர்கள். போலீஸ், கைது, மற்ற சப்ளையர்களிடம் சொல்லிவிடுவோம் என்பவற்றின் பக்கமே போகக் கூடாது, பல நாடுகளில் அது உங்களையே சிக்கலில் மாட்டும். பாக்கி வைத்திருப்பவர் நிறுவனமாக இல்லாமல் தனிநபராக இருந்தால் எப்போது, எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்பதற்கே கடுமையான விதிகள் இருக்கலாம், அப்போது இந்த மாதிரிகளை அப்படியே எடுக்க வேண்டாம். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டு, உரிமை கோரிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியை வழக்கறிஞரிடம் கேளுங்கள். இன்னொன்று: "இந்தத் தேதியில் தருகிறோம்" என்று அவர்கள் எழுத்தில் தரும் பதில், பாக்கியை ஒப்புக்கொண்டதாகிறது. பல நாடுகளில் அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால் வழக்கு போடுவதற்கான காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். மெயில் அதற்குப் போதுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் வழக்கறிஞரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் குழு என்பதால் ஒரு வார்ப்புரு செய்து வைப்பீர்கள். அதில் நான்கு வாய்ப்புகளும், வங்கி வரியும், அழைப்புத் தேதியும் மாறாமல் இருக்கட்டும். தொகைப் பட்டியலை மட்டும் மென்பொருள் தானாக நிரப்ப விடாதீர்கள், கணக்கைச் சரிபார்த்தவர் தன் கையால் நிரப்பட்டும். இல்லாவிட்டால் அடுத்த 5,20,000-மும் அப்படியே போகும். வந்த பதில்களை அ, ஆ, இ, ஈ என்று ஒரு பட்டியலில் குறித்து வையுங்கள். ஈ அதிகம் வந்தால் உங்கள் தொடர்புப் பட்டியல் பழையதாகிவிட்டது. இ அதிகம் வந்து, அவை ஒரே விற்பனையாளரின் ஆர்டர்களாக இருந்தால், பேச வேண்டியது வாடிக்கையாளரிடம் அல்ல.

ஜூன் 19-உம் பதிலின்றிப் போனால் மூன்றாவது மெயில் எழுதாதீர்கள். 20-ஆம் தேதி காலை கடன் வசதியைப் பூட்டிவிட்டு, அன்றே கோப்பை வழக்கறிஞரிடமோ வசூல் முகமையிடமோ கொடுக்கும் முடிவுக்குப் போங்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தம், பர்ச்சேஸ் ஆர்டர்கள், இன்வாய்ஸ்கள், சரக்கு பெற்ற ரசீதுகள், கிரெடிட் நோட், அனுப்பிய எல்லா மெயில்களும், 11-ஆம் தேதி யார் எத்தனை மணிக்கு அழைத்தார் என்ற குறிப்பும்.